ஆப்பில் எந்தப் பெயர் வைக்கலாம்?

"என் பெயர் பூங்குழலி. கோவையில் பல் மருத்துவர். டேட்டிங் ஆப்பில் முழுப் பெயர் போடப் பயம், போலிப் பெயர் போட மனசில்லை."

'குழலி' என்று போடுங்கள். உங்கள் பெயரின் பாதிதான், அதனால் பொய் இல்லை. நாளைக்கு முழுப் பெயரைச் சொல்லும்போது எதிரில் இருப்பவருக்கு ஏமாந்த உணர்வும் வராது. 'ஏஞ்சல்', 'கே.பி.' போன்றவை வேண்டாம். முதலாவது போலிக் கணக்கு போலத் தெரியும், இரண்டாவதைக் கூப்பிடவே முடியாது. இனிஷியலும் பிறந்த ஆண்டும் கூடவே கூடாது.

ஆனால் பெயர் தனியாகக் காட்டிக்கொடுப்பதில்லை. பெயர், ஊர், தொழில் மூன்றும் சேர்ந்தால்தான் ஆள் சிக்குவார். பிரவுசரில் இன்காக்னிட்டோ திறந்து 'குழலி பல் மருத்துவர் கோவை' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் கிளினிக் வந்தால், பெயரை அப்படியே வைத்துக்கொண்டு தொழிலை 'மருத்துவத் துறை' என்று மாற்றுங்கள். இன்ஸ்டாகிராமிலும் இதே பெயரைத் தேடுங்கள். அங்கே 'குழலி' என்றே இருந்தால் ஆப்புக்கு வீட்டில் கூப்பிடும் வேறு செல்லப்பெயர் நல்லது. கிளினிக் பக்கத்தில் உள்ள படத்தையும் போடாதீர்கள், படத்தை வைத்தே தேடிவிடலாம்.

பலர் கோட்டைவிடுவது போன் நம்பரில். நம்பரை ஜிபேயில் போட்டாலே பேங்க் கணக்கில் உள்ள முழுப் பெயர் வந்து நிற்கும். நேரில் பார்த்து நம்பிக்கை வரும்வரை ஆப்பின் சாட்டிலேயே பேசுங்கள். சில ஆப்களில் பெயரைப் பிறகு மாற்றுவது சிரமம், அதனால் கணக்கு தொடங்கும் முன்பே இந்தத் தேடலை முடித்துவிடுங்கள்.