விளம்பரத்தில் இல்லாத லொறி

கேள்வி: வேலை விளம்பரங்களில் 'துடிப்பான', 'இலக்கு நோக்கிய' என்றெல்லாம் போட்டிருந்தால் எனக்கு விண்ணப்பிக்கவே மனம் வருவதில்லை. இது என்னுடைய குறையா?

இல்லை. அப்படியான விளம்பரத்தை எழுதி ஆள் தேடியவன் என்ற வகையில் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் கடைகளுக்கு உணவுப் பொருள் விநியோகிக்கும் ஒரு நிறுவனத்தில் ஆட்சேர்ப்பு என் பொறுப்பு. சில ஆண்டுகளுக்கு முன்னர், கொழும்பு விளம்பரம் ஒன்றைப் பார்த்து இப்படி எழுதினேன்: "விற்பனை ஒருங்கிணைப்பாளர் தேவை. துடிப்பும் தலைமைத்துவமும் போட்டி மனப்பான்மையும் கொண்ட, அழுத்தத்தின் கீழ் பணியாற்றக்கூடிய இளையோர் விண்ணப்பிக்கலாம். கவர்ச்சிகரமான சம்பளம்." ஒன்பது பேர் விண்ணப்பித்தார்கள். நாங்கள் தெரிவுசெய்த இளைஞர் மூன்றாவது வாரத்தில் விலகினார். வெளியில் சென்று கடைக்காரர்களுடன் பேசி விற்கும் வேலை என்று நம்பி வந்ததாகச் சொன்னார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் நான் எழுதியதை அவர் சரியாகவே வாசித்திருந்தார்.

உண்மையான வேலை வேறு. காலை எட்டரை முதல் மதியம் வரை கடைகளிலிருந்து வரும் அழைப்புகளைக் கேட்டு, யாருக்கு எத்தனை பெட்டி என்று கணினியில் பதிய வேண்டும். மாலை நாலரை மணியளவில் லொறி திரும்பியதும் பில்களை அடுக்கி, வந்த காசு, காசோலை, திரும்பி வந்த பொருள் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐம்பது ரூபா குறைந்தாலும் ஒவ்வொரு பில்லாகத் தேட வேண்டியதுதான். பெரும்பாலும், கடைக்காரர் திருப்பி அனுப்பிய ஒரு பொருளைச் சாரதி பில்லில் கழிக்க மறந்திருப்பார். லொறி பிந்தினால் இந்த வேலையும் பிந்தும். நான் 'அழுத்தம்' என்று எழுதியது இந்த ஒரு மணி நேரத்தைத்தான், ஆனால் வாசிப்பவருக்கு அது எப்படித் தெரியும்? மேலதிக நேரக் கொடுப்பனவு இன்றி இரவுவரை மறித்து வைப்பார்கள் என்றே எவரும் நினைப்பர். 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி நாளொன்றுக்கு 8 மணி நேரமும் வாரத்துக்கு 45 மணி நேரமுமே வழமையான வேலை, அதற்கு மேற்பட்டதற்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். நாங்கள் கொடுத்து வந்தோம். கொடுப்பதை எழுதாமல் விட்டது என் பிழை.

இரண்டாவது விளம்பரத்தில் மேலே சொன்ன காலை வேலையையும் மாலை வேலையையும் அப்படியே எழுதினேன். மாதத்தில் நான்கைந்து நாள் ஆறரை மணி ஆகலாம் என்பதையும், சம்பளத் தொகையையும், ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனம் 12 சதவீதம் செலுத்தும் என்பதையும் சேர்த்தேன். இப்படி எழுதினால் நிறுவனத்தின் மதிப்புக் குறையும் என்று முதலாளி தயங்கினார். ஐந்து பேர்தான் விண்ணப்பித்தார்கள். ஆனால் ஐவருமே வேலையைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள்.

அவர்களில் ஒருவர் நெல்லியடியில் தகப்பனாரின் கடையில் ஆறு ஆண்டுகளாகக் கடன் கொப்பி எழுதி வந்த பெண். "முதல் விளம்பரத்தையும் பார்த்தனான் சேர். அது எனக்கான வேலை இல்லை எண்டு விட்டிட்டன்" என்றார். அந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமானவர் கிடைத்திருக்க மாட்டார், ஆனால் 'தலைமைத்துவம்', 'போட்டி' என்ற இரண்டு சொற்கள் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தன. கோச்சர், பிரீசன், கே ஆகிய உளவியலாளர்கள் 2011 இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது: ஆண்மையோடு சேர்த்துப் பேசப்படும் சொற்கள் நிறைந்த விளம்பரங்கள் பெண்களை அவ்வளவாக ஈர்க்கவில்லை, அதற்குக் காரணம் தங்கள் திறமை மீதான ஐயம் அன்று, அந்த இடத்தில் தாங்கள் ஒட்டமாட்டோம் என்ற எண்ணம்.

அலங்காரச் சொல் போடும் எல்லா நிறுவனங்களும் ஏமாற்றுகின்றன என்று நான் சொல்வதாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பலர் என்னைப்போல் வேறு விளம்பரத்தைப் பார்த்து எழுதுகிறவர்கள். எளிமையாக எழுதுவதால் குறைந்த சம்பளம் கூடிவிடவும் மாட்டாது. ஆகவே சொற்களைக் கண்டு விலகிவிடாமல், தொலைபேசியில் அழைத்து ஒன்றை மட்டும் கேளுங்கள்: "இந்த வேலையில் இருந்தவர் நேற்றுக் காலை முதல் மாலை வரை என்ன செய்தார்?" நேராகப் பதில் வந்தால் விண்ணப்பியுங்கள். மறுபடியும் 'துடிப்பு' என்றே சொன்னால், அந்த வேலையில் என்ன நடக்கிறது என்பதை அவர்களே இன்னும் யோசிக்கவில்லை.

அந்தப் பெண் நேர்முகத் தேர்வில் கேட்டது, லொறி பிந்தும் நாளில் 750 பஸ்ஸில் வல்லை வெளியைத் தாண்டி எப்படி வீடு போவது என்பதுதான். அத்தகைய நாள்களில் நிறுவன வாகனத்தில் கொண்டுபோய் விடுவோம் என்ற வரியை அவருடைய நியமனக் கடிதத்தில் சேர்த்தோம். இப்போது விளம்பரத்திலும் அது இருக்கிறது.