படபடப்பு நின்றால் காதல் போய்விட்டதா?

"டாக்டர், எனக்கு 26 வயது, கிருஷ்ணகிரி பக்கம். காதல் கல்யாணம் செய்து இரண்டு வருஷம் ஆகிறது. அவருக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. முன்பெல்லாம் அவரைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கும், இப்போது ஒன்றும் இல்லை. நான் சொல்லாமல் என் மனசு அவருக்குப் புரிவதும் இல்லை. காதல் போய்விட்டதா?"

போகவில்லை அம்மா. அந்தப் படபடப்பு ஆரம்ப நாட்களுக்கு உரியது. 1999-இல் இத்தாலியின் பைசா நகரில், புதிதாகக் காதலித்த 20 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். செரோட்டோனின் என்ற மூளை ரசாயனம் தொடர்பான ஓர் அளவு, ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் நோய் உள்ளவர்களைப் போலவே குறைந்திருந்தது. 12 முதல் 18 மாதம் கழித்து அவர்களில் சிலரை மறுபடி சோதித்தபோது அது இயல்புக்குத் திரும்பியிருந்தது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் நான் தினம் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. சினிமா கல்யாணத்தோடு முடிந்துவிடுவதால் இந்த மாற்றத்தை யாரும் நமக்குக் காட்டியதில்லை.

எனக்குக் கவலை தருவது உங்கள் இரண்டாவது வருத்தம். கண்ணைப் பார்த்தே மனசைப் படிப்பதுதான் காதல் என்று பாட்டுகள் சொல்லிச் சொல்லி நாமும் நம்பிவிட்டோம். ஆனால் தூக்கம் கெட்டால், எதிரில் இருப்பவர் முகத்தில் உள்ள உணர்ச்சியைக் கண்டுபிடிக்கும் திறன் குறையும். இரவு ஷிப்ட் முடித்து வருபவரிடம் அதைத்தான் நாம் எதிர்பார்க்கிறோம்.

என்னிடம் ஒரு ஜோடி வந்தார்கள். கணவர் காலை ஏழரைக்கு வீடு வருவார், மனைவி எட்டரைக்கு மாங்கூழ் கம்பெனிக்குக் கிளம்புவார். மாதவிடாய் வலியோடு நின்று களி கிண்டியவரை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரோ, "ஏதோ கோபத்தில் இருக்கிறாள், பேசினால் சண்டை வரும்" என்று நினைத்துப் படுத்துவிட்டார். மூன்று மாதம் இப்படியே போயிருக்கிறது. நான் மருந்து எதுவும் எழுதவில்லை. "வயிறு வலிக்குது, இன்னைக்கு நீங்க சாப்பாடு கட்டுங்க" என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். அவரிடம், மனைவி கிளம்பும்வரை போனைத் தொடாமல் சொல்வதைக் காதில் வாங்கச் சொன்னேன். முதல் வாரம், கேட்டு வாங்கும் அன்பு அன்பா என்று அந்தப் பெண் அழுதார். அப்புறம் பழகிவிட்டது.

"மா பூ விட்டிருக்கு பாருங்க" என்பதும் துணையின் கவனத்தைக் கேட்கும் ஓர் அழைப்புதான். அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் புதுமணத் தம்பதிகளைக் கவனித்து, ஆறு வருஷம் கழித்துப் பார்த்தார். சேர்ந்தே இருந்தவர்கள் இப்படிப்பட்ட அழைப்புகளில் 86 சதவீதத்துக்கு முகம் கொடுத்திருந்தார்கள், பிரிந்தவர்கள் 33 சதவீதத்துக்குத்தான். அதனால் நெஞ்சு படபடக்கிறதா என்று பார்க்காதீர்கள். நீங்கள் கூப்பிட்டால் அவர் திரும்புகிறாரா, அவர் கூப்பிட்டால் நீங்கள் திரும்புகிறீர்களா என்று ஒரு வாரம் கவனியுங்கள்.

வாய்விட்டுச் சொன்ன பிறகும் அவர் ஏளனம் செய்தாலோ, கை நீட்டினாலோ, அது வேறு பிரச்சினை, பொறுத்துப்போக வேண்டாம். அவர் மீது மட்டுமில்லாமல் சாப்பாடு, தூக்கம், வேலை எதிலும் இரண்டு வாரத்துக்கு மேல் பிடிப்பில்லை என்றால் மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள், அல்லது 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசுங்கள்.