காஜி முகீஸ் சொன்ன முழு வாக்கியமும் சிக்கந்தர் லோடி காலத்து இரு விவாதங்களும்

கேள்வி: மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். தில்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜியிடம் காஜி முகீஸ் என்ற நீதிபதி பேசியதாக ஒரு பகுதியை மாணவர் ஒருவர் கைப்பேசியில் காட்டி, “இந்துக்களுக்கு இஸ்லாம் அல்லது மரணம் என்றுதான் அன்றைய உலமாக்கள் எல்லோரும் சொன்னார்களா?” என்று கேட்டார். எதைக் காட்டி அவருக்கு விளக்கலாம்?

பதில்: உலமாக்கள், அதாவது இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள், எல்லோரும் அப்படிச் சொல்லவில்லை. மாணவர் காட்டிய பகுதி பொய்யும் அல்ல. ஜியாவுதீன் பரனி 1357-இல் முடித்த ‘தாரிக்-இ-ஃபிரோஸ் ஷாஹி’ என்னும் நூலில் அது இருக்கிறது. ஆனால் அந்த வாக்கியத்தை முழுமையாகப் படிக்க வேண்டும். இந்துக்களைத் தாழ்த்தி வைக்க வேண்டும் என்று கடுமையான சொற்களில் பேசும் காஜி, அதற்குப் பின், தாங்கள் பின்பற்றும் இமாம் அபூ ஹனீஃபா மட்டும் இந்துக்களிடம், முஸ்லிம் அல்லாதோர் செலுத்தும் ஜிஸியா வரியைப் பெற்றுக்கொண்டு அவர்களை வாழவிட அனுமதித்திருப்பதாகவும், மற்றச் சட்டப் பள்ளிகளின் அறிஞர்களே இஸ்லாம் அல்லது மரணம் என்று கூறுவதாகவும் சொல்கிறார். தில்லியில் நடைமுறையில் இருந்தது அபூ ஹனீஃபாவின் வழிவந்த ஹனஃபி சட்டப் பள்ளிதான். ஆகவே, பின்பாதி இல்லாமல் முன்பாதியையோ, முன்பாதி இல்லாமல் பின்பாதியையோ எடுத்துக்காட்டுவது அந்தக் காஜியின் கருத்தையே மாற்றிவிடும். போதாததற்கு, மற்றப் பள்ளிகளைப் பற்றி அவர் சொன்னதும் முற்றிலும் சரியல்ல. அவற்றில் ஒன்றான மாலிக்கி பள்ளியின் அறிஞர்களிலும் பலர் ஜிஸியாவை எல்லா மதத்தாரிடமும் பெறலாம் என்றே கருதினார்கள்.

இன்னொன்றையும் மாணவருக்குச் சொல்லுங்கள். அலாவுதீன் ஆண்டது 1296 முதல் 1316 வரை. பரனி இதை எழுதியது அதற்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அரச ஆதரவை இழந்த முதுமையில். இந்துக்களிடம் சுல்தான்கள் மிகவும் தளர்வாக நடந்துகொள்கிறார்கள் என்ற மனக்குறை அவருடைய எழுத்து முழுவதும் தெரிகிறது. காஜியின் வாயில் உள்ள சொற்களில் எவ்வளவு காஜியுடையது, எவ்வளவு பரனியுடையது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. அதே பக்கங்களில், சட்டம் அனுமதிக்கிறதா இல்லையா என்று பாராமல் அரசுக்கு நல்லது எதுவோ அதையே செய்வதாக அலாவுதீன் பதில் சொல்வதும் வருகிறது.

வகுப்பில் நடத்துவதற்கு இதைவிடப் பொருத்தமானவை பின்னாளில் வந்த தில்லி சுல்தான் சிக்கந்தர் லோடி காலத்து இரண்டு விவாதங்கள் என்று கருதுகிறேன். அக்பர் காலத்தில், 1590-களில், நிஜாமுதீன் அகமது எழுதிய ‘தபகாத்-இ-அக்பரி’யில் இரண்டும் உள்ளன.

முதலாவது, சிக்கந்தர் 1489-இல் பட்டத்துக்கு வருவதற்கு முன், இளவரசர் நிஜாம் கானாக இருந்தபோது நடந்தது. குருட்சேத்திரத்தில் இந்துக்கள் திரளாகக் கூடி நீராடும் குளத்தை அழிக்க எண்ணி, உலமாக்களிடம் அவர் கருத்துக் கேட்டார். மியான் அப்துல்லா அஜோதனி என்ற அறிஞர், முன்பிருந்த முஸ்லிம் அரசர்கள் அங்கே என்ன செய்தார்கள் என்று திருப்பிக் கேட்டார். ஒருவரும் தடுக்கவில்லை என்று பதில் வந்தது. அப்படியானால் பழங்காலக் கோயிலை இடிப்பதும், வழக்கமாக நடந்துவரும் நீராடலைத் தடுப்பதும் முறையல்ல என்றார் அவர். காபிர்களின் பக்கம் பேசுகிறீர் என்று சினந்து இளவரசர் குத்துவாளில் கை வைத்தபோதும் அவர் பின்வாங்கவில்லை. கேட்டதற்குச் சட்டத்தில் உள்ளதைச் சொன்னேன், சட்டத்தை மதிக்காவிட்டால் என்னைக் கேட்டிருக்க வேண்டியதில்லை என்றார். இளவரசரின் சினம் அடங்கியது.

அந்தத் துணிவு பெரிதுதான். ஆனால் மியான் அப்துல்லாவை இன்றைய பொருளில் மதநல்லிணக்கம் பேசியவராகக் காட்டிவிட வேண்டாம். ஆட்சிக்குப் பணிந்து ஜிஸியா செலுத்துவோரின் பழைய வழிபாட்டிடங்களைத் தொடக்கூடாது, முஸ்லிம் நகரங்களில் புதியவற்றைக் கட்ட விடக்கூடாது என்பதே ஹனஃபி விதி. அவர் அந்த விதியின் முதற்பாதியின்மேல் உறுதியாக நின்றார். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் தில்லி சுல்தான் ஃபிரோஸ் ஷா துக்ளக் நின்றது இரண்டாம் பாதியின்மேல். மாலூ என்னும் சிற்றூரின் குளக்கரையில் புதிதாகக் கோயில்கள் எழுந்திருந்தன என்று ஃபிரோஸ் ஷாவே தம் ‘ஃபுதுஹாத்’தில் எழுதுகிறார். விழா நாட்களில் ஆண்கள் குதிரைகளிலும் பெண்களும் குழந்தைகளும் பல்லக்குகளிலும் வண்டிகளிலும் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். கடைக்காரர்கள் பண்டங்களைக் கொண்டுவந்து விற்றார்கள். முஸ்லிம்கள் சிலரும் அதில் கலந்துகொண்டார்கள். அவர் கோயில்களை இடித்தார், தலைவர்களைக் கொன்றார், மற்ற இந்துக்களைத் தண்டிக்கக்கூடாது என்றும் ஆணையிட்டார். அவரைக் கோபப்படுத்தியவை இரண்டு: கட்டடம் புதிது என்பது ஒன்று, தம் மதத்தார் அங்கே போய்க் கலந்தது மற்றொன்று.

இந்த இரண்டாவது கவலைதான் போதன் என்ற பிராமணரின் வழக்கை விளங்கவைக்கிறது. 15-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, இஸ்லாம் உண்மை, தம் மதமும் உண்மை என்று முஸ்லிம்கள் சிலர் முன்னிலையில் அவர் சொன்னார். பேச்சு பரவி உலமாக்களின் காதுக்கு எட்டியது. காஜி பியாரா, ஷேக் பத்ர் ஆகிய இருவரும் வழங்கிய ஃபத்வாக்கள், அதாவது சட்டக் கருத்துகள், ஒன்றோடொன்று முரண்பட்டன. அதனால் அப்பகுதியின் ஆளுநர் மூவரையும் சம்பலில் தங்கியிருந்த சுல்தான் சிக்கந்தரிடம் அனுப்பினார். சமய விவாதம் கேட்பதில் விருப்பமுள்ள சுல்தான் பல ஊர்களிலிருந்தும் அறிஞர்களை வரவழைத்தார். போதனைச் சிறையில் வைத்து இஸ்லாத்தை ஏற்கச் சொல்ல வேண்டும், மறுத்தால் கொல்ல வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அவர் மறுத்தார், கொல்லப்பட்டார்.

இரண்டு ஃபத்வாக்களின் வாதங்களை நிஜாமுதீன் அகமது எழுதிவைக்கவில்லை. ஆயினும் சிக்கல் எங்கே என்பது ஹனஃபி சட்டத்தை அறிந்தவருக்குப் புலப்படும். ஜிஸியா செலுத்தும் ஓர் இந்து தன் மதம் உண்மை என்று சொல்வது குற்றமே அல்ல. அதற்கு இடம் கொடுப்பதுதான் ஜிஸியா. இஸ்லாம் உண்மை என்று அவர் சொன்னதை இஸ்லாத்தை ஏற்றதாக எடுத்துக்கொண்டால் மட்டுமே, தம் மதமும் உண்மை என்ற அடுத்த சொல் மதத்தை விட்டு விலகிய குற்றமாகும். ஒரே வாயிலிருந்து வந்த இந்த இரண்டு கூற்றுகளையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது என்பதில் கற்றறிந்தவர்கள் பிரிந்து நிற்க இடம் இருந்தது. மரண தண்டனையை என்னால் எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது. அது அன்றைய சட்டத்தின்படியே ஐயத்துக்கு இடமில்லாத தீர்ப்பும் அல்ல என்பதற்கு, முதலில் எழுந்த அந்தக் கருத்து வேறுபாடே சான்று.

இரண்டு நிகழ்வுகளையும் அருகருகே வைத்து, குருட்சேத்திரத்தில் நீராடிய ஆயிரக்கணக்கானோரை விட்டுவிடச் சொன்ன மரபு, போதன் என்ற ஒரு மனிதரை ஏன் விடவில்லை என்று மாணவர்களைக் கேளுங்கள். நீராடியவர்கள் எல்லைக்கு அப்பால், தங்களுடைய இடத்தில் நின்றார்கள். அது சட்டம் முன்பே எதிர்பார்த்து விதி வகுத்து வைத்த நிலை. போதனின் பேச்சு எல்லையையே இல்லாமல் செய்தது. வேற்று மதத்தவர் பக்கத்தில் வாழ்வதைவிட, இது உன்னுடையது, இது என்னுடையது என்று பிரிக்க முடியாமல் போவதே அந்த உலமாக்களில் பலரைக் கலங்கவைத்தது என்பது என் கணிப்பு. மாலூ விழாவுக்குப் போன முஸ்லிம்கள்மேல் ஃபிரோஸ் ஷா கொண்ட எரிச்சலும் இதோடு பொருந்துகிறது.

வகுப்பில் ஓர் எச்சரிக்கை தேவை. ஃபத்வா என்பது ஓர் அறிஞரின் கருத்து. அதைக் கொண்டு நாட்டில் என்ன நடந்தது என்று முடிவு செய்ய முடியாது. குருட்சேத்திரத்தில் அடங்கிய அதே சிக்கந்தர், பட்டத்துக்கு வந்தபின் மதுராவில் கோயில்களை இடித்ததாகப் பாரசீக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. கடும் சொற்கள் எழுதப்பட்ட இடங்களிலேயே மாலூவைப் போல இரு மதத்தாரும் ஒரே சந்தையில் கூடியதும் உண்டு. ஆகவே ஒவ்வொரு மேற்கோளுக்கும் மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள்: சொன்னவர் யார், பதிவு செய்தவர் எத்தனை ஆண்டுகளுக்குப் பின் எழுதினார், அதன்படி யாராவது நடந்தார்களா. காஜி முகீசின் வாக்கியத்தை மாணவரே முழுதாகத் தேடி எடுத்து வந்து இந்த மூன்றுக்கும் விடை எழுதினால், அவர் கேட்ட கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிடுவார்.