பாட்காஸ்ட் தொடக்கம்: விருந்தினர் அறிமுகத்தை எப்படி எழுதிக்கொள்வது?

"பாட்காஸ்ட் தொடங்கப் போகிறேன். விருந்தினரை அறிமுகம் செய்தாலே மேடைப் பேச்சு மாதிரி ஆகிவிடுகிறது. நட்பாக இருக்க முதல் இரண்டு நிமிடத்துக்கு என்ன எழுதிக்கொள்ளலாம்?"

விருந்தினர் அனுப்பிய சுயவிவரத்தை அவர் எதிரிலேயே வாசிப்பதால்தான் பெரும்பாலும் அப்படி ஆகிறது. பட்டம், விருது என்று நீங்கள் அடுக்க அடுக்க அவர் நெளிவார். முதல் பதிலும் அந்த நெளிவோடுதான் வரும். அதனால் நான் அறிமுகத்தைப் பேட்டி முடிந்த பிறகு தனியாகப் பதிவு செய்வேன். பேச்சில் எது சுவையாக வந்தது என்பது அப்போதுதான் தெரியும்.

தூத்துக்குடிப் பக்கத்துப் பனையேறி ஒருவரோடு பேசியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். நான் இப்படி எழுதுவேன்:

(பேட்டியிலிருந்து வெட்டிய துண்டு, அவர் குரல்) "கலயத்துல சுண்ணாம்பு தடவாம விட்டா அது பதநீ இல்ல தம்பி, கள்ளு!"

(இசை 5 விநாடி. என் குரல் வந்ததும் தணிந்து மறையும்.)

"வணக்கம். இப்ப பேசினாரே, அந்த அண்ணன் சின்ன வயசுலேருந்து பனை ஏறுறவர். நாம காபி குடிக்கிறதுக்குள்ள ஒரு மரம் ஏறி இறங்கிடுவார். நான் பதநீர் நிறைய குடிச்சிருக்கேன். அது கலயத்துக்குள்ள எப்படி வந்து சேருதுன்னு மட்டும் தெரியாது. அதைக் கேக்கத்தான் அவர் தோப்புக்குப் போனேன்."

(பேட்டிப் பதிவு) "அண்ணே, இன்னிக்கு முதல் மரம் எத்தனை மணிக்கு ஏறுனீங்க?"

இதில் அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் அவர் பிறந்த ஊரில் தொடங்கி ஒப்பிப்பார். இன்று காலை நடந்ததைக் கேட்டால் யோசிக்க வேண்டியதில்லை, வாய் தானாகத் திறக்கும். இரண்டாவது பதிலிலேயே பாளை சீவுவது வரை வந்துவிடுவார்.

எழுதும்போதே பேச்சுத் தமிழில் எழுதுங்கள். "வருகை தந்துள்ளார்" என்று தாளில் இருந்தால் வாயிலும் அதுதான் வரும். பிறகு கைபேசியில் நேரம் வைத்துச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் முதலில் வெட்ட வேண்டியது உங்களைப் பற்றிய வரிகளை. (எனக்கும் அது வலிக்கத்தான் செய்யும்.) அவரை எப்படிக் கூப்பிடுவது, அண்ணன் என்றா, ஐயா என்றா என்பதைப் பதிவுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் மாறினால் காதில் உறுத்தும்.

தனியாகப் பதிவு செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. தோப்பில் பேசிவிட்டு அறிமுகத்தை வீட்டு அறையில் பதிந்தால், இரண்டும் சேரும் இடத்தில் பின்னணி ஒலி சட்டென்று மாறும். ஹெட்போனில் கேட்டால் தெரிந்துவிடும். கிளம்பும் முன் யாரும் பேசாமல் அரை நிமிடம் தோப்பின் சத்தத்தை மட்டும் பதிந்து வையுங்கள். அறிமுகத்தின் கடைசி வரிக்கு அடியில் அதை மெல்ல ஏற்றினால் ஒட்டு தெரியாது.