காபி முத்திரைகள்: எந்த வாக்குறுதி, யாருக்கு, எந்த இடத்தில்?

கேள்வி: காபிப் பொட்டலங்களில் ‘ஃபேர் டிரேடு’, ‘டைரக்ட் டிரேடு’, ‘நிழலில் விளைந்தது’ என்றெல்லாம் போட்டுக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். அந்தக் கூடுதல் பணம் உண்மையிலேயே விவசாயிக்குப் போய்ச் சேர்கிறதா?

ஓரளவு சேர்கிறது. ஆனால் இந்த மூன்றும் ஒரே வகையான வாக்குறுதிகள் அல்ல. முதலாவது, ஒரு குறைந்தபட்ச விலையை எழுத்தில் நிர்ணயிக்கிறது. இரண்டாவது, வாங்குபவர் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்வது. மூன்றாவது மரங்களைப் பற்றியது. விலையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. வறுக்காத பச்சைக் கொட்டையின் கொள்முதல் ஒப்பந்தங்களையும் விவசாயிகள் சங்கங்களின் கணக்குகளையும் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவன் என்ற முறையில், எழுத்தில் விலை உள்ள ஃபேர் டிரேடைச் சற்று விரிவாக எடுத்துக்கொள்கிறேன். அதன் கணக்கு புரிந்துவிட்டால் மற்ற இரண்டையும் எடைபோடுவது எளிது.

ஃபேர்டிரேடு இன்டர்நேஷனல் அமைப்பின் விதிப்படி, பதப்படுத்தும்போது கழுவி உலர்த்திய அராபிகா காபிக்குக் குறைந்தபட்ச விலை ஒரு பவுண்டு எடைக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, 1.80 அமெரிக்க டாலர். 2023 ஆகஸ்ட் முதல் இந்த விலை நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் 2011 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் 1.40 டாலராகவே இருந்தது. அந்தக் காலம் முழுவதும் உரமும் கூலியும் ஏறிக்கொண்டே இருந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த விலைக்கு மேல் பவுண்டுக்கு 20 சென்ட் ‘பிரீமியம்’ தனியாக உண்டு. சந்தை விலை 1.80 டாலருக்கு மேல் போனால் சந்தை விலையையும் பிரீமியத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

பொட்டலத்தைப் பார்த்து வாங்குபவர்கள் பெரும்பாலும் அறியாத செய்தி ஒன்று இங்கே இருக்கிறது. இந்த 1.80 டாலர் விவசாயியின் கையில் கொடுக்கப்படும் விலை அன்று. ஏற்றுமதித் துறைமுகத்தில் கப்பலேற்றும் நிலையில் உள்ள பச்சைக் கொட்டையின் விலை. அதைப் பெறுவது விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம். பழத்தைக் கொள்முதல் செய்வது, தோல் நீக்குவது, உலர்த்துவது, தரம் பிரிப்பது, மூட்டை கட்டுவது, துறைமுகம் வரை லாரியில் அனுப்புவது, கடனுக்கு வட்டி கட்டுவது, சான்றிதழுக்கான ஆண்டுத் தணிக்கைக் கட்டணம் செலுத்துவது ஆகிய எல்லாச் செலவுகளையும் சங்கம் கழித்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதே உறுப்பினருக்குப் போகும். பிரீமியத்தையும் தனித்தனியாகப் பங்கிட்டுக் கொடுத்தே தீர வேண்டும் என்ற விதி கிடையாது. அதை எப்படிச் செலவிடுவது என்று சங்கத்தின் பொதுக்குழு வாக்களித்து முடிவு செய்கிறது. 20 சென்ட்டில் குறைந்தது 5 சென்ட்டை விளைச்சலையும் தரத்தையும் உயர்த்தச் செலவிட வேண்டும். நன்றாக நடக்கும் சங்கத்தில் அது உலர்களமாகவும் நாற்றங்காலாகவும் மாறுவதைப் பார்க்கலாம். கணக்கு வழக்கு சரியில்லாத சங்கத்தில் அதே பணம் அலுவலகச் செலவில் கரைந்துபோகும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். காபி வணிகத்தில் ஒரு கன்டெய்னர் என்பது ஏறத்தாழ 37,500 பவுண்டு. சந்தை விலை 1.20 டாலராக இருக்கும் ஓர் ஆண்டில், ஒரு சங்கம் ஒரு கன்டெய்னரை முத்திரையின் கீழ் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். குறைந்தபட்ச விலைப்படி 67,500 டாலர், பிரீமியமாக 7,500 டாலர், ஆக மொத்தம் 75,000 டாலர் கிடைக்கும். வெளிச்சந்தையில் விற்றிருந்தால் 45,000 டாலர்தான் வந்திருக்கும். வித்தியாசம் 30,000 டாலர், அதாவது பவுண்டுக்கு 80 சென்ட். மிகப் பெரிய உதவி என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்தச் சங்கத்தின் விளைச்சல் மூன்று கன்டெய்னர். மூன்றுக்கும் சான்றிதழ் இருக்கிறது. முத்திரை விலைக்கு வாங்க ஆள் கிடைத்ததோ ஒன்றுக்கு மட்டும். சான்றிதழ் விற்பதற்கான தகுதியைத்தான் தருகிறது. அந்த விலைக்கு வாங்கியே ஆக வேண்டும் என்ற கடமை யாருக்கும் இல்லை. மீதி இரண்டும் சாதாரணக் காபியாக 1.20 டாலருக்கே போகும். அந்த 30,000 டாலரை மொத்த விளைச்சலான 1,12,500 பவுண்டுக்குப் பிரித்தால் பவுண்டுக்கு 27 சென்ட்கூட வராது. எண்பது சென்ட் என்று எழுதியிருப்பது சராசரியில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குவது இப்படித்தான். இது ஏதோ ஒரு சங்கத்துக்கு மட்டும் நேர்வது அன்று. சான்று பெற்ற காபியில் பெரும் பகுதி முத்திரையில்லாமல் விற்கப்படுவது இந்தத் துறையில் அனைவரும் அறிந்த நிலைமை. ஆகவே ஒரு சங்கத்தைப் பற்றி நான் முதலில் கேட்பது, விளைச்சலில் எத்தனை பங்கு முத்திரை விலையில் விற்றது என்பதைத்தான்.

குறைந்தபட்ச விலையின் பயன் சந்தை விழும்போதுதான் தெரியும். உலக அராபிகா விலைக்கு அடிப்படையான நியூயார்க் சந்தை 2001-ஆம் ஆண்டின் இறுதியில் பவுண்டுக்கு 50 சென்ட்டுக்கும் கீழே போனது. 2019-இல் ஒரு டாலருக்குக் கீழே வந்தது. அத்தகைய ஆண்டுகளில் குறைந்தபட்ச விலை ஒரு குடும்பம் தோட்டத்தைக் கைவிடாமல் காப்பாற்றியிருக்கிறது. மாறாக, 2025 பிப்ரவரியில் சந்தை 4 டாலரைத் தாண்டியபோது 1.80 என்ற எண்ணுக்கு எந்த வேலையும் இல்லை. 20 சென்ட் பிரீமியம் மட்டுமே மிஞ்சியது. அப்படிப்பட்ட ஏற்றத்தில் வேறொரு சிக்கலும் வரும். சங்கம் முன்கூட்டியே பழைய விலையில் ஒப்பந்தம் போட்டிருக்கும். உள்ளூர் வியாபாரி கையில் ரொக்கத்தோடு கூடுதல் விலை சொல்லித் தோட்டத்து வாசலில் நிற்பார். உறுப்பினர் அவரிடம் விற்றுவிட்டால் சங்கம் ஒப்பந்தத்தை நிறைவேற்ற முடியாமல் திண்டாடும். உறுப்பினரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. சங்கம் கொடுக்கும் தொகை பல மாதங்கள் கழித்துத் தவணைகளில் வரும். வீட்டுச் செலவு அதுவரை காத்திருக்காது. இந்த நெருக்கடிக்காகவே, சங்கம் கேட்டால் ஒப்பந்த மதிப்பில் 60 சதவீதம் வரை வாங்குபவர் முன்பணமாக ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. யாரும் அதிகம் பேசாத இந்த விதி, விலையைப் போலவே மதிப்புள்ளது என்பது என் கருத்து.

பெயர் ஒன்றாக இருப்பதால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஃபேர் டிரேடு யுஎஸ்ஏ அமைப்பு 2011-இல் சர்வதேச அமைப்பிலிருந்து பிரிந்து, பெரிய எஸ்டேட்டுகளின் காபிக்கும் சான்றளிக்க முன்வந்தது. சர்வதேச அமைப்பு காபியைப் பொறுத்தவரை சிறு விவசாயிகளின் அமைப்புகளுக்கு மட்டுமே சான்றளிக்கிறது. எனவே பொட்டலத்தில் உள்ள முத்திரை எந்த அமைப்பினுடையது என்று பார்ப்பது பயனுள்ளது.

‘டைரக்ட் டிரேடு’ என்பதற்குப் பொதுவான விதிப்புத்தகமோ, அதைச் சரிபார்க்கும் பொது அமைப்போ கிடையாது. இந்தச் சொல் 2000-களில் இன்டெலிஜென்ட்சியா, கவுன்டர் கல்ச்சர் போன்ற அமெரிக்க வறுப்பு நிறுவனங்களால் பரவியது. இவற்றில் இன்டெலிஜென்ட்சியா, ஃபேர் டிரேடு விலையைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகக் கொடுப்பதைத் தன் நெறியாக அறிவித்தது. ஆனால் அது அந்த நிறுவனம் தனக்குத் தானே வகுத்துக்கொண்டது. அதே சொல்லைப் போட்டுக்கொள்ளும் வேறொருவரை அது எந்த விதத்திலும் கட்டுப்படுத்தாது. விவசாயியை ஒருமுறை சந்தித்துப் படம் எடுத்துக்கொண்டு, வழக்கமான ஏற்றுமதியாளர் வழியாகவே வாங்கிவிட்டும் இந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம்.

நேர்மையாக நடக்கும் நேரடி வணிகத்திலும் அளவு என்ற கேள்வி எஞ்சுகிறது. ஒரு விவசாயி 5,000 பவுண்டு விளைவிக்கிறார். வறுப்பாளர் அதில் ஆகச் சிறந்த 500 பவுண்டைப் பொறுக்கி 5 டாலர் வீதம் 2,500 டாலருக்கு வாங்குகிறார் என்று கொள்வோம். மீதி 4,500 பவுண்டு 1.20 டாலருக்குப் போனால் 5,400 டாலர். மொத்த வருமானம் 7,900 டாலர், சராசரி 1.58 டாலர். பொட்டலத்தில் 5 டாலர் என்று பெருமையாக அச்சிடப்பட்டிருப்பது பொய்யன்று. ஆனால் அந்தக் குடும்பம் வாழ்வது 1.58 டாலரில். அந்த 500 பவுண்டைப் பிரித்தெடுக்கப் பழுத்த பழமாகப் பார்த்துப் பறித்த கூலியும் இதற்குள் அடங்கும். அடுத்த ஆண்டு சுவை மதிப்பெண் சற்றுக் குறைந்தால் வாங்குபவர் வராமலே போகலாம். ஆகவே அவர்களிடம் கேட்க வேண்டியவை: எத்தனை ஆண்டுகளாக அதே தோட்டத்தில் வாங்குகிறார்கள், விளைச்சலில் எத்தனை பங்கை எடுக்கிறார்கள், சொல்லும் விலை தோட்டத்து விலையா கப்பல் விலையா? ஆண்டுதோறும் இவற்றை அறிக்கையாக வெளியிடும் நிறுவனத்தை, முத்திரை எதுவும் இல்லாவிட்டாலும், நான் நம்புவேன்.

‘நிழலில் விளைந்தது’ என்று வெறுமனே எழுதியிருந்தால் அதற்கு அனைவரும் ஏற்ற அளவுகோல் எதுவும் இல்லை. வரிசைக்கு ஒரு மரம் நின்றாலும் எழுதலாம். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ‘பேர்ட் ஃப்ரெண்ட்லி’ முத்திரை இதில் கடுமையானது. தோட்டம் முதலில் இயற்கை வேளாண் சான்று பெற்றிருக்க வேண்டும். மரங்களின் கிளைகளும் இலைகளும் தோட்டத்தின் மேல் குறைந்தது 40 சதவீதம் கவிந்திருக்க வேண்டும். பத்து வகைக்கும் குறையாத மரங்கள் வெவ்வேறு உயரத்தில் நிற்க வேண்டும். பறவைகளுக்கு இதைவிட நல்ல உத்தரவாதம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் விவசாயிக்கான குறைந்தபட்ச விலை அதில் இல்லை. கூடுதல் தொகை எவ்வளவு என்பது பேரத்தில் தீரும். அடர்ந்த நிழலில் விளைச்சல் பெரும்பாலும் குறையும். விறகு, பழம், மரம், உரச்செலவில் மிச்சம் என்று சில வரவுகள் அதை ஓரளவு ஈடுகட்டலாம். எஞ்சிய இழப்பை ஏற்பவர் விவசாயிதான். ஃபேர் டிரேடு முத்திரையும் பேர்ட் ஃப்ரெண்ட்லி முத்திரையும் ஒரே பொட்டலத்தில் சேர்ந்து இருந்தால்தான் மரத்துக்கும் விலைக்கும் சேர்ந்து உத்தரவாதம் கிடைக்கிறது.

கடைசியாக ஒன்று. உங்கள் கேள்வி விவசாயியைப் பற்றியது. பழம் பறிக்கும் கூலித் தொழிலாளி அதற்கு வெளியே நிற்கிறார். சிறு விவசாயிகளின் சங்கத்துக்கு வரும் பிரீமியத்தில், அறுவடைக்கு மட்டும் வந்து போகும் அவருக்கு வாக்குரிமை கிடையாது. லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோயாஸ் ஆய்வாளர்கள் எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஃபேர்டிரேடு சான்று பெற்ற இடங்களில் வேலை செய்த கூலியாட்களின் நிலை, சான்று இல்லாத இடங்களில் வேலை செய்தவர்களின் நிலையைவிட மேலாக இல்லை என்றும், கூலி பல இடங்களில் குறைவாகவே இருந்தது என்றும் கண்டார்கள். ஃபேர்டிரேடு அமைப்பு அந்த ஒப்பீட்டு முறையை மறுத்தது. எனினும், பறிக்கும் கூலி கூடைக்கு எவ்வளவு என்று இந்த மூன்று முத்திரைகளில் எதைப் பார்த்தும் உங்களால் தெரிந்துகொள்ள முடியாது. விற்பவரிடம் நேரே கேட்டால்தான் உண்டு.