தவறி நடந்த கொலைக்கு உறவினர் கட்டிய பணம்

கேள்வி: பழைய இஸ்லாமியச் சட்டத்தில் ஒருத்தர் தெரியாமல் கொன்றுவிட்டால் அவர் சொந்தக்காரர்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்?

மானுக்கு விட்ட அம்பு பட்டு ஒருவர் இறந்துவிட்டார் என்று வையுங்கள். இழப்பீடு 100 ஒட்டகம். ஹனஃபி எனும் சட்டப் பிரிவின் கணக்கில் வெள்ளி நாணயமாகக் கொடுத்தால் 10,000 திர்ஹம். தனியாளுக்குக் கட்டுப்படியாகாது. அம்பு விட்டவரைக் கண்டித்து அடக்க வேண்டியவர்கள் உறவினர்களே என்பதும் சட்ட அறிஞர்களின் வாதம். அதனால் 'ஆகிலா' எனும் தந்தைவழி ஆண் உறவினர்கள் மூன்றாண்டுத் தவணையில் கட்டுவார்கள். ஆளுக்கு மொத்தமே 4 திர்ஹம்தான் உச்சவரம்பு. கணக்குப் போட்டால் 2,500 பேர் வேண்டும்! ஆள் போதாவிட்டால் அடுத்த நெருங்கிய குலத்தையும் சேர்ப்பார்கள்.

விரல் போனால் 10 ஒட்டகம், பல்லுக்கு 5. இவையும் ஆகிலாவின் பொறுப்பே. அதற்கும் குறைந்த காயம் என்றால் செய்தவரே கட்ட வேண்டும்.

வேண்டுமென்றே கொன்றவருக்காக உறவினர் கட்டத் தேவையில்லை. சாட்சி இல்லாமல் அவராகவே ஒப்புக்கொண்டாலும், உறவினர் அதை ஏற்காதவரை, அப்படித்தான். இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் பொய்யாக ஒப்புக்கொண்டு சொந்தக்காரர் தலையில் கடனைக் கட்டிவிடலாமே.