ப்ளான்ல அளந்தா ஹால் எட்டரை அடி, எழுதிருக்குறது 12 அடி: எதை நம்புறது?

"அண்ணே, கோட்டையூர்ல 30க்கு 50 மனைல மாடி வீடு கட்டப் போறோம். இன்ஜினியர் ப்ளானை வாட்ஸப்ல அனுப்புனார். பிரிண்ட் எடுத்து ஸ்கேல் வச்சு அளந்தா ஹால் அகலம் எட்டரை அடிதான் வருது, ஆனா 12 அடின்னு எழுதிருக்கு. ஹாலுக்கும் டைனிங்குக்கும் நடுவுல உள்ள சுவரை எடுத்துட்டு பழைய வீட்டு வளவு, அதான் நடு முற்றம் மாதிரி விசாலமா வைக்கணும்னு வீட்ல ஆசைப்படுறாங்க. எங்க ஆயா வீட்டு பழைய தேக்கு நிலையைத்தான் வாசலுக்கு வைக்கணும். கட்ட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ப்ளான்ல எதைப் பாக்கணும்? ப்ளானும் இதோட அனுப்பிருக்கேன்."

தம்பி, ஹால் 12 அடிதான், பயப்படாதீங்க. ஷீட்டோட வலது ஓரத்துல சின்னதா 1:100, ஏ3ன்னு போட்டுருக்கு பாருங்க. அதாவது ஏ3 பேப்பர்ல அடிச்சாத்தான் பேப்பர்ல ஒரு சென்டிமீட்டர் மனைல ஒரு மீட்டர். நீங்க ஜெராக்ஸ் கடைல ஏ4ல அடிச்சிருக்கீங்க, படம் மொத்தமும் 70 சதவீதமா சுருங்கிருச்சு. 12 அடிங்கிறது 3.66 மீட்டர், அப்ப பேப்பர்ல 3.66 சென்டிமீட்டர் இருக்கணும், சுருங்குனதுல 2.6தான் வரும், அந்த 2.6 மீட்டரை அடியாக்குனா எட்டரை. இனிமே எந்த ப்ளான் கைக்கு வந்தாலும் முதல்ல அதுல எழுதிருக்குற பெரிய அளவு ஒண்ணை அளந்து பாருங்க. உங்க வீட்டோட வெளி அகலம் 24 அடின்னு போட்டுருக்கு, 1:100ல அது 7.3 சென்டிமீட்டர் இருக்கணும். 5.2 வந்தா பிரிண்ட் சுருங்கிருச்சுன்னு அர்த்தம், ஸ்கேலை உள்ள வச்சுரலாம். சைட்ல மேஸ்திரியும் படத்தை அளக்க மாட்டார், எழுதிருக்குற நம்பரைத்தான் பாப்பார். அதனால நீங்களும் நம்பரைத்தான் சரிபாக்கணும், அதுக்கு வெறும் கூட்டல் தெரிஞ்சா போதும்.

உங்க ப்ளான்ல ரூமுக்குள்ள எழுதிருக்குறது சுவருக்கு சுவர் உள்ளளவு. இடது பக்கத்துலேந்து கூட்டுங்க: வெளிச்சுவர் 9 இஞ்ச், பெட்ரூம் 10 அடி, நடுச்சுவர் 9 இஞ்ச், ஹால் 12 அடி, வெளிச்சுவர் 9 இஞ்ச். மொத்தம் 24 அடி 3 இஞ்ச் வருது. ஆனா வெளிய கோடு போட்டு எழுதிருக்குறது 24 அடி. மூணு இஞ்ச் எங்கேந்து வரும்? 30 அடி மனைல ரெண்டு பக்கமும் மும்மூணு அடி விட்டா மிச்சம் சரியா 24 அடிதான், அப்ரூவலுக்கு குடுத்ததும் அந்த கணக்குதான். நூல் கட்டுற அன்னைக்கு இது தெரிய வந்தா கொத்தனார் ஒரு பக்க சந்துல மூணு இஞ்ச் தின்னுருவார், இல்ல கடைசியா வர்ற ரூம்ல குறைச்சுருவார், உங்ககிட்ட கேக்கவும் மாட்டார். இன்ஜினியர்கிட்ட இப்பவே கேட்டு பெட்ரூமை 9 அடி 9 இஞ்ச்னு மாத்தி எழுதிக்கோங்க. அது போக உள்பூச்சு ஒவ்வொரு சுவருக்கும் அரை இஞ்ச் போகும், 12 அடி ஹால்ல பூச்சுக்கப்புறம் 11 அடி 11 இஞ்ச் இருக்கும், கட்டிலோ பீரோவோ அளவெடுத்து செய்யக் குடுக்குறவங்க அதை மனசுல வச்சுக்கணும்.

அடுத்து கோடுங்க. ப்ளான்ங்கிறது வீட்டை தரைலேந்து சுமார் 4 அடி உயரத்துல குறுக்கா வெட்டி, மேல் பாதியை எடுத்துட்டு மேலேந்து பாத்தா எப்படி இருக்குமோ அதுதான். இது ஒண்ணு பிடிபட்டா மத்ததெல்லாம் தானா வரும். வெட்டுப்பட்ட சுவர் தடிச்ச கோடு, கீழ இருக்குற படி, மேடை எல்லாம் மெல்லிசு கோடு, வெட்டுக்கு மேல இருக்குற லாஃப்ட், சன்ஷேட், பீம் எல்லாம் புள்ளிக்கோடு. டைனிங் பக்கத்துல ஒரு சின்ன சதுரத்துல மூலைக்கு மூலை பெருக்கல் குறி போட்டுருக்கே, அது வானம் பாத்த இடம். நம்ம ஊர்ல வளவுக்கும் அதே குறிதான் போடுவாங்க. உங்களுது நாலுக்கு நாலுதான், வெளிச்சம் வரும், வளவுன்னு சொல்லிக்க முடியாது.

கதவை எப்பவும் திறந்து வச்ச மாதிரிதான் வரைவாங்க. சுவர்லேந்து நீட்டிக்கிட்டு இருக்குற நேர்கோடு கதவுப் பலகை, அதோட நுனிலேந்து போற கால் வட்டம் கதவு சுத்துற பாதை. நேர்கோடு சுவரைத் தொடுற இடத்துல கீல், மறுபக்கம் தாழ்ப்பாள். சுவிட்ச்போர்டு தாழ்ப்பாள் பக்கம் வரணும், இல்லன்னா கதவைத் திறந்துட்டு அதுக்குப் பின்னாடி கைய விட்டு லைட் போடணும். உங்க காமன் பாத்ரூம்ல கால் வட்டம் நேரா வாஷ்பேசின் மேல ஏறுது பாருங்க, அந்தக் கதவு பாதிதான் திறக்கும், கீலை மறுபக்கம் மாத்தச் சொல்லுங்க. பக்கத்துல டி2ன்னு இருக்கு, ஓரத்துல உள்ள அட்டவணைல டி2ங்கிறது இரண்டரை அடிக்கு 7 அடி. இது நிலையோட வெளியளவு. ரெண்டு பக்கமும் நிலைச் சட்டம் இரண்டரை இஞ்ச் போனா நுழையுற வழி 25 இஞ்ச்தான், 2 அடி வாஷிங்மெஷினை கதவைக் கழட்டித்தான் உள்ள கொண்டு போகணும். பாத்ரூம்ல மெஷின் வைக்கிற யோசனை இருந்தா இப்பவே 3 அடியாக்கிருங்க.

இப்ப ஆயா வீட்டு நிலை. ப்ளான்ல வாசலுக்கு எம்.டின்னு போட்டு ஒத்தைக் கதவு வரைஞ்சிருக்கு, அட்டவணைல மூன்றரை அடிக்கு 7 அடி. பழைய நிலைக்கு பெரும்பாலும் ரெட்டைக் கதவுதான், அதை ரெண்டு சின்ன கால் வட்டமா வரையணும். அதை விட முக்கியம், டேப்பை எடுத்துட்டுப் போய் நிலையோட வெளியளவை எடுங்க, கதவளவை இல்ல. பழைய தேக்கு நிலைல ஒவ்வொரு காலும் அரை அடி இருக்குறது சாதாரணம். வழி மூன்றரை அடின்னா வெளில நாலரை அடி ஆயிரும், சொருக இடம் விட்டா சுவர்ல 4 அடி 7 இஞ்ச் திறப்பு வேணும். வாசல் சுவர் 12 அடி நீளம், அதுல 5 அடி ஜன்னல் ஒண்ணும் இருக்கு. 4 அடி 7 இஞ்சையும் 5 அடியையும் கழிச்சா மிச்சம் 2 அடி 5 இஞ்ச். ரெண்டு ஓரத்துலயும் நிலையைப் பிடிக்க, ஜன்னலைப் பிடிக்க ஆளுக்கு 6 இஞ்ச் விட்டா, கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவுல 1 அடி 5 இஞ்ச் செங்கல்தான் நிக்கும். மேல் தளத்தைத் தாங்குற சுவர்ல அது பத்தாது, நான் ரெண்டடிக்குக் கீழ விடமாட்டேன். ஜன்னலை 4 அடியாக்குனா 2 அடி 5 இஞ்ச் கிடைச்சுரும், விஷயம் முடிஞ்சது. உயரமும் அளங்க. தலைல சிற்பப் பலகை உள்ள நிலைன்னா ஏழரை, எட்டு அடி கூட வரும், ஆனா உங்க வீட்ல கதவு ஜன்னலுக்கு மேல போற லிண்டல் 7 அடில ஓடுது. உயரம் இந்த ப்ளான்ல தெரியாது, வீட்டை மேலேந்து கீழ வெட்டிக் காட்டுற செக்‌ஷன்னு தனியா ஒரு ஷீட் இருக்கும், அதுலதான் மாத்தணும்.

கடைசியா அந்தச் சுவர். தடிமனை மட்டும் பாத்து முடிவு பண்ணக்கூடாது. பில்லர் போட்டு கட்டுற வீட்ல 9 இஞ்ச் வெளிச்சுவர் கூட சும்மா அடைப்புதான், பாரமெல்லாம் பீம் வழியா பில்லருக்குப் போயிரும். பழைய செட்டிநாட்டு வீடுகள்ல சுவரே பாரத்தைத் தாங்கும், பில்லர் வீட்டு ப்ளானை அதே கண்ணோட பாத்தா தப்பா போயிரும், அதே மாதிரி திருப்பியும். அதனால முதல்ல கறுப்பா நிரப்புன கட்டங்களைத் தேடுங்க, பக்கத்துல சி1, சி2ன்னு போட்டுருப்பாங்க, அதுதான் பில்லர். உங்க ப்ளான்ல போர்டிகோவுல ரெண்டு இருக்கு, வீட்டுக்குள்ள ஒண்ணு கூட இல்ல. அப்ப உள்ள இருக்குற 9 இஞ்ச் சுவரெல்லாம் தளத்தைத் தாங்குதுன்னு வச்சுக்கோங்க. பாத்ரூமைப் பிரிக்கிற நாலரை இஞ்ச் சுவர் ஒண்ணுதான் வெறும் தடுப்பு.

இன்னொரு சோதனை, கீழ்த்தள ப்ளானையும் மாடி ப்ளானையும் ஒரே அளவுல அடிச்சு, ஒண்ணு மேல ஒண்ணு வச்சு ஜன்னல் கண்ணாடில ஒட்டிப் பாருங்க. நான் பாத்தேன். நீங்க எடுக்க நினைக்கிற சுவருக்கு நேர் மேல மாடி பெட்ரூமோட பின்சுவர் வருது. 10 அடி உயர 9 இஞ்ச் சுவர் ஒரு அடி நீளத்துக்கே 400 கிலோவுக்கு மேல இருக்கும், 12 அடிக்கு ஐந்து டன் கிட்ட. அது போக தளத்தோட பாரம். டைனிங் 12க்கு 10, தளம் எப்பவும் குட்டை பக்கமாத்தான் அதிகம் சாயும், அந்தக் குட்டை பக்கம் போய் உக்காருறது இதே சுவர்லதான்.

அதுக்காக எடுக்கவே முடியாதுன்னு இல்ல. அந்த இடத்துல பீம் போடலாம். 12 அடிக்குப் போட்டா பீம் ஒரு அடி ஒண்ணேகால் அடி கீழ தொங்கும், சரியான அளவையும் கம்பியையும் இன்ஜினியர் கணக்குப் போட்டுத்தான் சொல்லணும். ஆனா இங்க நிறைய பேர் விடுறது ஒண்ணு இருக்கு. சுவரா இருந்தப்ப 12 அடி நீளத்துக்கும் பரவி இறங்குன பாரம், பீம் போட்டதும் ரெண்டு முனைல மட்டும் இறங்கும். அந்த ரெண்டு இடத்துலயும் பில்லரும் அதுக்குக் கீழ தனி ஃபுட்டிங்கும் வேணும். சுவருக்குன்னு தோண்டுன அஸ்திவாரக் குழில அதை வச்சா அந்த ரெண்டு இடம் மட்டும் கொஞ்சம் கூட இறங்கி, மாடி சுவர்ல சாய்வா விரிசல் காட்டும். அதனால இதை அஸ்திவாரம் தோண்டுறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணணும், தளம் போட்டப்புறம் ஆசை வந்தா செலவு வேற, ஆபத்து வேற.

என்னைக் கேட்டா ரெண்டு ஓரத்துலயும் ஒன்றரை அடி சுவரை விட்டுட்டு நடுவுல 9 அடி திறங்க. பில்லர் அந்த ஓரச் சுவருக்குள்ளயே மறைஞ்சுரும், பீம் ஆழமும் குறையும், ஒன்பதடி திறப்புல ஹாலும் டைனிங்கும் ஒண்ணாத்தான் தெரியும். அதுக்கு முன்னால ரெண்டு பழைய மரத்தூண் வாங்கி நிறுத்துற ஆசை இருந்தாலும் நிறுத்தலாம், ஆனா ப்ளான்ல அதை வெறும் கோடா வட்டம் போட்டு, பக்கத்துல அலங்காரத்துக்கு மட்டும்னு எழுதச் சொல்லுங்க, கறுப்பா நிரப்பிட்டா மேஸ்திரி பீமைத் தூக்கி அது மேல உக்கார வச்சுருவார்.